சிறிய தொகுப்பில் சொல் திசையன்கள்: ‘காவடி’க்கு அருகில் தொலைபேசி எண் ஏன் வருகிறது?

மோக்கா வாசகன்

அனைவருக்கும் வணக்கம். மொரீசியசில் வெளியான கோயில் அறிவிப்புகள், தமிழ் மன்றங்களின் ஆண்டு மலர்கள், பள்ளிப் பாடக் குறிப்புகள் ஆகியவற்றைத் தட்டச்சு செய்து ஒரே கோப்பில் சேர்த்து வருகிறேன். இப்போது அதில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் சொற்கள் இருக்கின்றன. எந்தச் சொல் எந்தச் சூழலில் புழங்குகிறது என்பதை மட்டும் வைத்து, நம் தீவில் எழுதப்படும் தமிழில் சொற்களின் பொருள் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்க்க விரும்பினேன்.

ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று சாளரம் வைத்து, அதற்குள் வரும் சொற்களோடு இணை இணையாக எண்ணினேன். பிறகு ஒவ்வோர் இணையும் தற்செயலைவிட எவ்வளவு அதிகமாகச் சேர்ந்து வருகிறது என்று காட்டும் பிஎம்ஐ மதிப்பைக் கணக்கிட்டு, ‘காவடி’யோடு மிக நெருக்கமாக வரும் சொற்களை வரிசைப்படுத்தினேன். முருகன், பக்தர்கள், விரதம் ஆகியவை முதலில் வரும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் பட்டியலின் உச்சியில் இருப்பவை ஒரு கோயில் செயலாளரின் தொலைபேசி எண், ‘பெருவிழ’ என்று பாதியில் நின்றுபோன ஓர் அச்சுப்பிழை, ஒரே ஒருமுறை மட்டும் வந்த சில ஊர்ப்பெயர்கள். ‘பக்தர்கள்’ இருபதாம் இடத்திற்கும் கீழே கிடக்கிறது. நிரலை மறுபடியும் சரிபார்த்துவிட்டேன், எண்ணிக்கையில் தவறு இல்லை. அப்படியானால் குறை எங்கே இருக்கிறது?

எபேன் நிரலன்

அண்ணா, பிஎம்ஐ பழைய முறை. ஒன்றாக வரும் சொற்கள் ஒரே பொருளை உடையவை என்பதுதான் இந்தத் துறையின் அடிப்படை, ஆனால் அதை வெறுமனே எண்ணிப் பிடிக்க முடியாது. 2013 இல் கூகுளில் தோமஸ் மிக்கொலொவ் குழுவினர் வெளியிட்ட, ஒவ்வொரு சொல்லையும் ஓர் எண்வரிசையாக, அதாவது திசையனாக மாற்றும் வேர்ட்டுவெக் நரம்பியல் வலையமைப்பைப் பயன்படுத்துகிறது, ஆகவே அது சொல்லின் பொருளைத் தானே கற்றுக்கொள்கிறது. நான் அலுவலகத்தில் வேறொரு தரவில் இரண்டையும் ஒப்பிட்டேன், வேர்ட்டுவெக் தெளிவாகவே மேம்பட்ட விடையைத் தந்தது. எண்ணும் வேலையை விட்டுவிட்டு அதற்கு மாறிவிடுங்கள்.

எண்ணும் எழுத்தும்

தம்பி நிரலன் கண்டது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அவர் சொல்லும் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் வாசகனின் கணக்கைப் பார்ப்போம். நண்பரே, காவடி, பக்தர்கள், மற்றும் ஆகிய சொற்கள் உங்கள் தொகுப்பில் எத்தனை முறை வருகின்றன என்று சொல்ல முடியுமா?

மோக்கா வாசகன்

எளிமைக்காக முழு எண்களாக்கித் தருகிறேன். ‘காவடி’ 500 முறையும், ‘பக்தர்கள்’ 1250 முறையும், ‘மற்றும்’ 10,000 முறையும் வருகின்றன. சாளரத்திற்குள் ‘காவடி’யும் ‘பக்தர்களும்’ சேர்ந்து வருவது 160 முறை, ‘காவடி’யும் ‘மற்றும்’ என்பதும் சேர்ந்து வருவது 80 முறை. அந்தத் தொலைபேசி எண் ஒரே ஒருமுறைதான் வருகிறது, அதுவும் ‘காவடி’க்கு அருகில்.

எண்ணும் எழுத்தும்

நன்றி, இந்த எண்களே போதும். ஒரு சொல் ஒருமுறை வந்தால் அது நான்கு இணைகளைத் தருகிறது, ஆகவே மொத்தம் பத்து லட்சம் இணைகள். அவற்றில் காவடிக்கு 2000, பக்தர்களுக்கு 5000, மற்றும் என்பதற்கு 40,000, தொலைபேசி எண்ணுக்கு 4.

பிஎம்ஐ கேட்பது ஒரே கேள்விதான். இந்த இரண்டு சொற்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லாமல் தற்செயலாக விழுந்திருந்தால் எத்தனை முறை சந்தித்திருக்கும், உண்மையில் எத்தனை முறை சந்தித்தன? காவடியும் மற்றும் என்பதும் தற்செயலாகச் சந்திக்க வேண்டியது 2000 × 40,000 ÷ 10,00,000, அதாவது 80 முறை. உண்மையிலும் 80 முறைதான் சந்தித்திருக்கின்றன. விகிதம் ஒன்று, அதன் மடக்கை பூச்சியம். எங்கும் வரும் சொல் காவடியைப் பற்றி எதையும் சொல்லவில்லை என்பதை இந்த அளவீடு சரியாகவே கண்டுகொள்கிறது. பக்தர்கள் தற்செயலாகச் சந்திக்க வேண்டியது 10 முறை, சந்தித்தது 160 முறை. விகிதம் 16, இரண்டின் அடிமானத்தில் மடக்கை 4. இதுவும் நியாயமான விடையே.

இப்போது தொலைபேசி எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். தற்செயலாகச் சந்திக்க வேண்டியது 2000 × 4 ÷ 10,00,000, அதாவது 0.008 முறை. சந்தித்தது ஒருமுறை. விகிதம் 125, மடக்கை ஏறத்தாழ 6.97. ஒரே ஒரு சந்திப்பு 160 சந்திப்புகளைத் தோற்கடித்துவிட்டது. இது உங்கள் நிரலின் பிழையன்று, அளவீட்டின் இயல்பு. வகுக்கும் எண் மிகச் சிறியதாக இருக்கும்போது, ஒரு தற்செயல் நிகழ்ச்சிகூட மலைபோல் உயர்ந்து நிற்கும். அரிய சொற்களுக்குப் பிஎம்ஐ காட்டும் இந்தச் சலுகை நெடுநாளாக அறியப்பட்டதுதான்.

பொதுவாக இரண்டு மருந்துகள் சேர்த்தே தரப்படும். ஒன்று, ஐந்து முறைக்குக் குறைவாக வரும் சொற்களை எண்ணுவதற்கு முன்பே நீக்கிவிடுவது. மற்றொன்று, சூழல் சொற்களின் எண்ணிக்கையை 0.75 என்ற அடுக்குக்கு உயர்த்திவிட்டு நிகழ்தகவைக் கணக்கிடுவது. இந்த இரண்டாவது மருந்தால் அரிய சொற்களின் நிகழ்தகவு சற்று உயர்கிறது, அவற்றின் பிஎம்ஐ அந்த அளவுக்கு இறங்குகிறது. உங்கள் எடுத்துக்காட்டில் தொலைபேசி எண் பக்தர்களைவிட ஏறத்தாழ 3 புள்ளிகள் முன்னே நிற்கிறது. அடுக்கைப் பயன்படுத்தினால் அந்த முன்னிலை 0.4 ஆகச் சுருங்கும். கவனியுங்கள், அது சுருங்குகிறதே தவிர மறையவில்லை. அதனால்தான் முதல் மருந்தும் வேண்டியிருக்கிறது. கீழே உள்ள நிரலில் C என்பது எந்தச் சொல் எந்தச் சூழல் சொல்லோடு எத்தனை முறை வந்தது என்ற அட்டவணை.

```
import numpy as np

def ppmi(C, a=0.75):
    N = C.sum()
    pw = C.sum(1, keepdims=True) / N
    pc = C.sum(0, keepdims=True) ** a
    pc = pc / pc.sum()
    r = np.maximum(C, 1e-12) / N / (pw * pc)
    return np.maximum(np.log2(r), 0)
```

இறுதி வரி எதிர்மதிப்புகளைப் பூச்சியமாக்குகிறது. இரண்டு சொற்கள் தற்செயலைவிடக் குறைவாகவே சந்திக்கின்றன என்பதை உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இரண்டரை லட்சம் சொற்கள் போதா என்பதே அதற்குக் காரணம்.

இனி நிரலன் சொன்னதற்கு வருகிறேன். 2014 இல் ஒமர் லெவியும் யோவ் கோல்ட்பெர்கும் ஒரு கட்டுரையில் காட்டியது இது: ஒரு சொல்லைக் கொண்டு அதன் சூழல் சொற்களை ஊகிக்கும் வேர்ட்டுவெக்கின் ஸ்கிப்கிராம் வடிவம், குலுக்கி எடுத்த பொய் இணைகளான எதிர்மாதிரிகளைக் கொண்டு பயிற்சி பெறும்போது, வெளிப்படையாகச் சொல்லாமலே ஒரு பிஎம்ஐ அட்டவணையை, ஒரு மாறிலியைக் கழித்த நிலையில், சிறிய திசையன்களாகப் பிரிக்கிறது. எண்ணுவதும் கற்பதும் இங்கே இரண்டு வெவ்வேறு உலகங்கள் அல்ல. அப்படியானால் உங்களுக்கு அது ஏன் மேலாகத் தெரிந்தது? வேர்ட்டுவெக்கில் ஐந்துக்குக் குறைந்த சொற்களை விலக்கும் விதியும், எதிர்மாதிரிகளைத் தேர்ந்தெடுக்கும்போது அதே 0.75 அடுக்கும் முன்கூட்டியே அமைந்திருக்கின்றன. நீங்கள் ஒப்பிட்ட பிஎம்ஐ நிரலில் அவை இருந்தனவா?

எபேன் நிரலன்

இல்லை ஐயா, வெறும் பிஎம்ஐதான். அந்த அடுக்கு வேர்ட்டுவெக் நிரலுக்குள் இருப்பது தெரியும், ஆனால் அதை வேகத்திற்காகச் செய்த ஏற்பாடு என்று நினைத்திருந்தேன். இருந்தாலும், ஒன்றாக வரும் சொற்கள் ஒரே பொருளுடையவை என்பதாவது சரிதானே?

எண்ணும் எழுத்தும்

அதுவும் பாதிதான் சரி, இந்த இழைக்கு முக்கியமான பாதி விடுபட்டுப் போகிறது. ‘காவடி’யும் ‘பக்தர்களும்’ ஒன்றாக வருகின்றன, ஆனால் அவற்றின் பொருள் ஒன்றன்று. ‘காவடி’யும் ‘பால்குடமும்’ ஒரே வரியில் அருகருகே வருவது குறைவாக இருக்கலாம், ஆனால் இரண்டையும் பக்தர்கள் எடுக்கிறார்கள், இரண்டும் நேர்த்திக்கடன், இரண்டும் முருகன் கோயிலுக்குப் போகின்றன. 1954 இல் செல்லிக் ஹாரிஸ் முன்வைத்த கருத்து, சந்திக்கும் சொற்கள் ஒத்தவை என்பதன்று. யாரோடு சந்திக்கின்றன என்பதில் ஒத்திருக்கும் சொற்களே பொருளிலும் ஒத்திருக்கும் என்பதுதான். வாசகன் பார்த்த பட்டியல் முதல் வகையைச் சேர்ந்தது. அவர் தேடுவது இரண்டாவது வகை, அதற்கு அட்டவணையின் ஒரு முழு வரிசையை இன்னொரு முழு வரிசையோடு ஒப்பிட வேண்டும்.

மூன்றே சூழல்களை வைத்துக் காட்டுகிறேன்: எடுத்து, பக்தர்கள், வாசித்து. இந்த மூன்றுக்கும் காவடியின் மதிப்புகள் 3, 4, 0 என்றும், பால்குடத்தின் மதிப்புகள் 4, 3, 0 என்றும், நாதஸ்வரத்தின் மதிப்புகள் 0, 3, 4 என்றும் வைத்துக்கொள்வோம். மூன்று திசையன்களின் நீளமும் 5. காவடியையும் பால்குடத்தையும் பெருக்கிக் கூட்டினால் 24, அதை இரண்டு நீளங்களின் பெருக்கமான 25 ஆல் வகுத்தால், இரண்டு திசையன்களும் எவ்வளவு ஒரே திசையில் நிற்கின்றன என்று காட்டும் கொசைன் 0.96. காவடிக்கும் நாதஸ்வரத்திற்கும் 12 ÷ 25, அதாவது 0.48. பால்குடம் காவடியோடு ஒருமுறைகூடச் சேர்ந்து வராவிட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. உண்மையான அட்டவணையில் மூன்று நெடுவரிசைகளுக்குப் பதில் சில ஆயிரம் இருக்கும், பெரும்பாலானவை பூச்சியமாக இருக்கும், ஆகவே எஸ்விடி என்ற கணித முறை வழியாக ஒவ்வொரு வரிசையையும் சில நூறு எண்களாகச் சுருக்குவது வழக்கம்.

வக்வா ஆசிரியை

வணக்கம் ஐயா. நான் கணினி படித்தவள் அல்லள். பிள்ளைகளுக்கு ஒத்த பொருட்சொற்கள் பட்டியல் தயாரிக்க இது உதவும் என்று கேள்விப்பட்டு இந்த இழைக்குள் வந்தேன். மோக்கா வாசகன் ஒரு மாதிரிப் பட்டியலை எனக்கு அனுப்பினார். அதில் ‘கொடியேற்றம்’ என்ற சொல்லுக்கு மிக நெருங்கிய சொல்லாகக் ‘கொடியிறக்கம்’ நிற்கிறது. ஒன்று விரதத்தின் தொடக்கம், மற்றொன்று அதன் முடிவு. இதைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் பெற்றோர் என்னை என்ன கேட்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கணினி எதையோ தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறது.

எண்ணும் எழுத்தும்

அம்மா, கணினி கேட்ட கேள்விக்குச் சரியாகவே விடை சொல்லியிருக்கிறது, ஆனால் அது உங்கள் கேள்வி அன்று. கொடியேற்றமும் கொடியிறக்கமும் கோயில் வளாகத்தில் நடைபெறுகின்றன, குருக்கள் தலைமையில் நடைபெறுகின்றன, காலை இத்தனை மணிக்கு என்று அறிவிக்கப்படுகின்றன, அன்னதானத்தோடு முடிகின்றன. ஒரு வாக்கியத்தில் ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை வைத்தால் வாக்கியம் குலையாது. எதிர்ச்சொற்கள் பொதுவாகவே அப்படித்தான் நடந்துகொள்ளும், ஏனெனில் அவை ஒரே அளவுகோலின் இரு முனைகள். இடம் மாற்றி வைக்கத்தக்கவை என்பதை மட்டும் அறியும் கருவியிடம், ஒத்தவையா எதிரானவையா என்று கேட்க முடியாது. சாளரத்தைக் குறுக்கினால் இந்த இயல்பு இன்னும் கூடும். பத்துச் சொல் வரை விரித்தால் விரதம், ஊர்வலம் போன்ற பொருட்களம் சார்ந்த சொற்கள் அருகில் வரும், ஆனால் அவையும் ஒத்த பொருட்சொற்கள் அல்ல.

ஆகவே உங்கள் வேலைக்கு இதைப் பரிந்துரைப் பட்டியலாகக் கொண்டு, கையால் வடிகட்டலாம். அதை அப்படியே அச்சுக்குக் கொடுக்க வேண்டாம்.

மோக்கா வாசகன்

ஐந்துக்குக் குறைந்த சொற்களை நீக்கி, 0.75 அடுக்கையும் சேர்த்தேன். தொலைபேசி எண்ணும் அச்சுப்பிழையும் போய்விட்டன. பால்குடம் இப்போது காவடிக்கு அருகில் வந்துவிட்டது. ஆனால் காவடியின் சூழல் பட்டியலின் உச்சியில் ‘இரசீது’ என்ற சொல் அசையாமல் நிற்கிறது. அது 9 முறை வருகிறது, ஆகவே விலக்கு விதிக்குத் தப்பிவிட்டது. ஒன்பது முறையும் காவடிக்கு அருகிலேயே வருகிறது.

எண்ணும் எழுத்தும்

அந்த ஒன்பது வாக்கியங்களையும் எடுத்து ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தீர்களா?

மோக்கா வாசகன்

இப்போது பார்த்தேன். ஒன்பதும் ஒரே வாக்கியம். ஒரு கோயில் ஆண்டுதோறும் அதே அறிவிப்பைத் தேதியை மட்டும் மாற்றி வெளியிட்டிருக்கிறது: காவடி எடுப்போர் பதிவு இரசீதுடன் வர வேண்டும் என்று.

எண்ணும் எழுத்தும்

அதுதான் காரணம். இந்த இடத்தில் சற்று நின்று கணக்கைப் பார்ப்பது பயனுள்ளது. ஒன்பது முறை வந்தால் 36 இணைகள், அவற்றில் 9 காவடியோடு. எதிர்பார்ப்பு 2000 × 36 ÷ 10,00,000, அதாவது 0.072. விகிதம் மறுபடியும் 125 தான். ஒரு வாக்கியத்தை ஒன்பது முறை நகலெடுத்தால் மேலெண்ணும் கீழெண்ணும் ஒன்பது மடங்காகின்றன, பிஎம்ஐ மாறுவதே இல்லை. ஆனால் இரண்டு காவல்களும் தளர்ந்துவிடுகின்றன. ஒன்று, சொல் ஐந்தைத் தாண்டிவிட்டதால் விலக்கு விதி அதைத் தொடுவதில்லை. மற்றொன்று, 0.75 அடுக்கு அரிய சொற்களையே அதிகம் தண்டிப்பதால், 36 இணைகள் உள்ள சொல்லை அது மென்மையாகவே நடத்துகிறது. ஒருமுறை வந்த தொலைபேசி எண்ணின் முன்னிலை 0.4 ஆகச் சுருங்கியது அல்லவா, இரசீதின் முன்னிலை 1.2 அளவுக்கு நிற்கும். நகலெடுத்த செய்தி, புதிய சான்று எதுவும் இல்லாமலே சான்றின் தோற்றத்தைப் பெற்றுவிடுகிறது.

கோயில் அறிவிப்புகளும் இரங்கல் செய்திகளும் நன்றியுரைகளும் நிறைந்த தொகுப்பில் இது சிறிய தொல்லையன்று. தேதிகளையும் எண்களையும் ஒரே குறியாக மாற்றிவிட்டு, அதன் பிறகு ஒத்த வாக்கியங்களை நீக்குங்கள். எண்களை மாற்றாமல் நீக்கினால் ஒவ்வோர் ஆண்டின் அறிவிப்பும் வேறு வாக்கியமாகத் தெரியும். விலக்கு விதியையும் எத்தனை முறை வந்தது என்று வைக்காமல், எத்தனை வெவ்வேறு ஆவணங்களில் வந்தது என்று வையுங்கள்.

எபேன் நிரலன்

ஐயா, வாசகன் அண்ணா கொடுத்த கோப்பில் நானும் ஒரு சோதனை செய்தேன். தமிழில் வேற்றுமை உருபுகள் ஒட்டிக்கொள்வதால் காவடி, காவடியை, காவடிக்கு, காவடியுடன் ஆகியவை நான்கு தனிச் சொற்களாகச் சிதறிவிடுகின்றன. அதற்காக ஃபாஸ்ட்டெக்ஸ்ட்டைப் பயன்படுத்தினேன், அது சொல்லைச் சிறு எழுத்துத் துண்டுகளாகவும் பார்க்கிறது. உருபேற்ற வடிவங்களெல்லாம் நன்றாகவே ஒன்றுசேர்ந்தன. ஆனால் ‘காவடி’க்கு மிக நெருங்கிய ஐந்து சொற்களுக்குள் ‘சாவடி’ வருகிறது. சாவடி நம் தொகுப்பில் தேர்தல் பற்றிய சில கட்டுரைகளில் மட்டுமே வருகிறது. வாக்குச் சாவடிக்கும் காவடிக்கும் என்ன உறவு?

எண்ணும் எழுத்தும்

உறவு எழுத்தில்தான். ஃபாஸ்ட்டெக்ஸ்ட் ஸ்கிப்கிராமில் இயல்பாக மூன்று முதல் ஆறு குறிகள் நீளமுள்ள துண்டுகளை எடுக்கிறது. அது எண்ணுவது நம் எழுத்துகளை அன்று, யூனிகோடு குறிகளை. காவடி நமக்கு மூன்று எழுத்து, அதற்கு ஐந்து குறி: க, துணைக்கால், வ, ட, இகரக் குறி. முன்னும் பின்னும் எல்லைக் குறி சேர்த்தால் ஏழு. அதிலிருந்து 14 துண்டுகள் கிடைக்கின்றன. அவற்றில் 6 துண்டுகள் சாவடியிலும் அப்படியே இருக்கின்றன, ‘வடி’யும் அதற்கு முன் துணைக்காலில் தொடங்கும் துண்டும் உட்பட. காவடியை என்ற வடிவத்தோடு 10 துண்டுகள் பொதுவாக இருப்பதால்தான் உங்களுக்கு உருபுகள் அழகாக ஒன்றுசேர்ந்தன. நன்மையும் தீமையும் ஒரே வழியாக வருகின்றன.

அடிக்கடி வரும் சொல்லாக இருந்தால் அந்தச் சொல்லுக்கே உரிய திசையன் பயிற்சியில் வலுப்பெற்று, துண்டுகளின் இழுப்பை ஈடுசெய்யும். சாவடி சில முறையே வருவதால் அதன் பொருளை ஏறத்தாழ முழுவதும் துண்டுகளே தீர்மானிக்கின்றன. ஐயம் வரும்போதெல்லாம் துண்டுகள் இல்லாத மாதிரி ஒன்றையும் பயிற்றுவித்து ஒப்பிடுங்கள்.

```
fasttext skipgram -input moris.txt -output m0 -ws 2 -minCount 5 -minn 0 -maxn 0
fasttext nn m0.bin
```

துண்டுகளை நீக்கியதும் காணாமல் போகும் அண்டைச்சொல், எழுத்து ஒற்றுமையால் வந்தது. நீக்கிய பிறகும் நிற்பது, சூழல் ஒற்றுமையால் வந்தது.

டர்பன் பேரன்

தென்னாப்பிரிக்காவிலிருந்து எழுதுகிறேன். என் பாட்டனார் எழுதிய கடிதங்களை வைத்திருக்கிறேன், மொத்தம் ஆறாயிரம் சொற்கள் இருக்கலாம். அவர் ‘ஊர்’ என்று எழுதும்போது சில இடங்களில் தமிழ்நாட்டையும் சில இடங்களில் டர்பனையும் குறிக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது எப்படி மாறியது என்பதைச் சொல் திசையன் வழியாகக் கண்டுபிடிக்க முடியுமா? அந்தச் சொல் ஏறத்தாழ நாற்பது முறை வருகிறது.

எண்ணும் எழுத்தும்

நாற்பது இடங்களையும் ஒரு மாலையில் படித்துவிடலாம், நான் முதலில் அதைத்தான் செய்வேன். ஆறாயிரம் சொற்களைக் கொண்டு எந்த முறையில் பயிற்றுவித்தாலும் கிடைக்கும் திசையன்கள் மணலில் கட்டியவைதான். அதோடு நீங்கள் கேட்பதற்குச் சொல் திசையன் இன்னொரு வகையிலும் பொருந்தாது. அது ஒரு வடிவத்திற்கு ஒரே ஒரு திசையன் தருகிறது, இரண்டு ஊர்களும் அதற்குள் கலந்து ஒரு சராசரியாக நிற்கும்.

இருந்தாலும் ஒரு வழி உண்டு. 1998 இல் ஹின்ரிக் ஷூட்ஸே காட்டிய முறை: சொல்லுக்குத் திசையன் தராமல், அது வரும் ஒவ்வோர் இடத்திற்கும் தனித் திசையன் தருவது. ஊர் வரும் ஒவ்வொரு வாக்கியத்திலும் அதைச் சூழ்ந்திருக்கும் சொற்களின் திசையன்களைச் சராசரி எடுத்தால், நாற்பது புள்ளிகள் கிடைக்கும். அவை இரண்டு கூட்டங்களாகப் பிரிகின்றனவா என்று பார்க்கலாம். சூழ்ந்திருக்கும் சொற்களின் திசையன்களைக் கடிதங்களிலிருந்து எடுக்க வேண்டியதில்லை, பெரிய தொகுப்பில் பயிற்றுவித்தவற்றைக் கடன் வாங்கலாம்.

எபேன் நிரலன்

அதற்கு `cc.ta.300` கோப்பு கிடைக்கிறது. 2018 இல் ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் விக்கிப்பீடியாவையும் பொது இணையத் தரவையும் கொண்டு 157 மொழிகளுக்குத் தயாரித்தவற்றில் தமிழுக்கானது அது, ஒவ்வொரு சொல்லுக்கும் 300 எண்கள். ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்கிறேன். அது இணையத் தமிழ், உங்கள் பாட்டனார் காலத்து எழுத்து நடை அதில் அரிது. இன்னொன்று, முதல் பத்தாண்டுக் கடிதங்களுக்கு ஒரு மாதிரியும் அடுத்த பத்தாண்டுக்கு இன்னொரு மாதிரியும் தனித்தனியே பயிற்றுவித்து, இரண்டு மாதிரிகளிலும் உள்ள ‘ஊர்’ திசையனை நேரடியாகக் கழித்துப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு பயிற்சியிலும் அச்சுகள் வெவ்வேறு திசையில் சுழன்று நிற்கும், ஆகவே அந்த வேறுபாட்டிற்குப் பொருளே இல்லை. ஒரே மாதிரியைக் கொண்டு எல்லாக் கடிதங்களையும் அளக்க வேண்டும்.

வக்வா ஆசிரியை

தம்பி, உருபுகளைப் பற்றி முன்பு சொன்னீர்கள். எல்லா வடிவங்களையும் வேர்ச்சொல்லுக்குக் கொண்டுவந்துவிட்டால் எண்ணிக்கை கூடும், சிக்கல் தீரும் என்று வாசகன் என்னிடம் சொன்னார். எனக்கு அதில் ஐயம் இருக்கிறது. ‘ஆறு’ என்று மட்டும் எழுதினால் நதியா, எண்ணா, சூடு தணிவதா என்று தெரியாது. ஆனால் ‘ஆற்றில்’ என்றால் நதி மட்டுமே, ‘ஆறில் ஒரு பங்கு’ என்றால் எண் மட்டுமே. உருபேற்ற வடிவங்களையெல்லாம் ‘ஆறு’ ஆக்கிவிட்டால், மொழியே பிரித்து வைத்திருந்ததை நாம் மறுபடியும் கலக்கிறோம்.

எண்ணும் எழுத்தும்

நல்ல எதிர்வாதம் அம்மா. பெயர்ச்சொற்களில் பெரும்பாலானவற்றுக்கு, குறிப்பாக இவ்வளவு சிறிய தொகுப்பில், வேர்ச்சொல்லாக்குவதால் வரும் நன்மை இழப்பைவிட அதிகம் என்று நான் நினைக்கிறேன், ஏனெனில் பத்துப் பத்தாகச் சிதறிய எண்ணிக்கைகளில் எந்த முறையும் நிலைக்காது. ஆனால் உங்கள் எடுத்துக்காட்டுக்கு என்னிடம் விடை இல்லை. சூழல் சொல்லாக நிற்கும்போது வேராக்கி, இலக்குச் சொல்லாக நிற்கும்போது முழு வடிவத்தையே வைத்துக்கொள்வது ஓர் இடைவழியாக இருக்கலாம். அட்டவணையின் வரிசைகளும் நெடுவரிசைகளும் ஒரே சொற்பட்டியலாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

மோக்கா வாசகன்

வடிவங்களை அப்படியே வைத்து, முழுவதும் வேராக்கி, ஐயா சொன்ன இடைவழியில் என்று மூன்று வகையிலும் செய்து பார்த்தேன். எது மேல் என்று அறிய, தொகுப்பை இரண்டு பாதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியிலும் காவடி, விரதம், கொடியேற்றம் போன்ற சொற்களின் முதல் பத்து அண்டைச்சொற்களை எடுத்து ஒப்பிட்டேன். முழுவதும் வேராக்கிய மாதிரியில்தான் இரண்டு பாதிகளின் பட்டியல்களும் மிகவும் ஒத்துப்போகின்றன. ஆசிரியை அம்மா மன்னிக்க வேண்டும், அதையே தேர்ந்தெடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

வக்வா ஆசிரியை

இரண்டு பாதியிலும் ‘ஆறு’ ஒரே மாதிரிக் குழம்பியிருந்தாலும் பட்டியல்கள் ஒத்துப்போகுமே.

எபேன் நிரலன்

அம்மா சொல்வது சரி. நிலையாக இருப்பது வேறு, சரியாக இருப்பது வேறு. அண்ணா, பாதிகளை எப்படிப் பிரித்தீர்கள்? வாக்கியங்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் பிரித்திருந்தால், ஒரே கோயிலின் அறிவிப்பு நடை இரண்டு பாதியிலும் விழுந்திருக்கும். வாக்கியம் அப்படியே ஒன்றாக இல்லாவிட்டாலும் வார்ப்பு ஒன்றுதான், ஒத்த வாக்கியங்களை நீக்கும் நிரல் அதைப் பிடிக்காது. அப்படியானால் நீங்கள் அளந்தது சொற்களின் பொருள் எவ்வளவு நிலையானது என்பதை அன்று, அந்தச் செயலாளரின் நடை எவ்வளவு நிலையானது என்பதை. கோயில் கோயிலாக, மன்றம் மன்றமாகப் பிரித்து, ஒரு வெளியீட்டாளரின் எழுத்து முழுவதும் ஒரே பாதிக்குள் இருக்குமாறு வைத்து மறுபடியும் மூன்று மாதிரிகளையும் ஓட்டிப் பாருங்கள். வேராக்கிய மாதிரியின் முன்னிலை அப்போதும் நிற்கிறதா என்று தெரியும். ‘ஆறு’வுக்கு மட்டும் இரண்டு பாதியின் பட்டியலையும் தனியாக இங்கே இடுங்கள், அம்மா பார்த்துச் சொல்லட்டும்.